கேன்சல் செய்தும் ஆப் ஓடுகிறது, பணமும் வரவில்லை: கடையில் தினமும் கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டை டி.எச். ரோட்டில் எனக்கு ஒரு சின்னக் கடை. ரீசார்ஜ், ஜெராக்ஸ், ஸ்கிரீன் கார்டு, இதுதான் தொழில். அதற்கு முன்னால் மூன்று வருடம், மாதச் சந்தா வாங்கும் ஒரு ஆப்பின் கஸ்டமர் கேரில் உட்கார்ந்து இதே கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து சொல்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். திரும்பத் திரும்பச் சொல்வதை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

கேன்சல் செய்து ஒரு வாரம் ஆகிறது. ஆப் இன்னும் ஓடுகிறது. அப்போ கேன்சல் ஆகவே இல்லையா?

ஆகியிருக்கும். சந்தாவில் கேன்சல் என்றால் "இனிமேல் என்னிடம் பணம் எடுக்காதே" என்று மட்டும்தான் அர்த்தம். "இந்த நிமிடமே கதவைச் சாத்து" என்று அதற்கு அர்த்தம் கிடையாது.

திருவொற்றியூரிலிருந்து கடற்கரைக்கு மாத சீசன் டிக்கெட் எடுத்து வேலைக்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். பத்தாம் தேதி வேலையை விட்டுவிட்டீர்கள். சீசன் அந்தத் தேதியோடு செத்துப்போகுமா? அதில் போட்டிருக்கும் கடைசி நாள் வரைக்கும் அது உயிரோடுதான் இருக்கும், நீங்கள் ரயில் ஏறினாலும் ஏறாவிட்டாலும். அடுத்த மாதம் கவுண்டரில் போய் நிற்காமல் இருந்தால் அதுதான் கேன்சல். ஆப்பில் ஒரே ஒரு வித்தியாசம், உங்களுக்குப் பதிலாக அவர்களே மாதாமாதம் கவுண்டரில் போய் நின்று உங்கள் பணத்தில் சீசன் வாங்கிக்கொள்கிறார்கள். கேன்சல் பட்டன் அந்த ஆளைப் போகாதே என்று நிறுத்துகிறது.

உள்ளே நடப்பதும் இவ்வளவுதான். உங்கள் கணக்கில் இரண்டு விஷயம் தனித்தனியாகப் பதிவாகியிருக்கும்: தானாகப் புதுப்பிக்கலாமா கூடாதா என்பது ஒன்று, எந்தத் தேதி வரை பணம் கட்டியாகிவிட்டது என்பது இன்னொன்று. கேன்சல் அழுத்தினால் முதல் விஷயம் "கூடாது" என்று மாறும். இரண்டாவதை யாரும் தொடமாட்டார்கள். ஆப் திறக்கும்போது பார்ப்பது அந்தத் தேதியை மட்டும்தான், அதனால் அதுபாட்டுக்கு ஓடுகிறது.

சரி, ஓடட்டும். எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் இல்லையா, மீதி நாளுக்கான பணத்தைக் கொடுக்க வேண்டியதுதானே?

இங்கேதான் எல்லாருக்கும் கோபம் வரும். எங்கள் தெரு அக்கா ஒருவரின் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அவரோடு உட்கார்ந்து பேப்பரில் போட்டுப் பார்த்தோம்.

பையனுக்குக் கார்ட்டூன் பார்க்க ஒரு ஆப். மாதம் 299 ரூபாய். நவம்பர் 2 அன்று யுபிஐ ஆட்டோபேயில் பணம் போயிருக்கிறது. நவம்பர் 9 அன்று, பையன் படிக்கவே மாட்டேன் என்கிறான் என்று கேன்சல் செய்துவிட்டார். அடுத்த பணம் எடுக்க வேண்டிய நாள் டிசம்பர் 2. ஆக 30 நாளுக்கு 299, ஒரு நாளுக்குப் பத்து ரூபாய் மாதிரி. ஏழு நாள் போச்சு, அதற்கு 70. மிச்சம் 23 நாள், 229 ரூபாய். "அந்த இருநூத்தி இருபத்தொன்பதை எனக்குக் கொடுக்கச் சொல்லு தம்பி" என்றார்.

அக்காவின் கணக்கில் தப்பே இல்லை. ஆனால் அந்த 229 ரூபாய் அவருக்கு வேறு உருவத்தில் வந்துவிட்டது, 23 நாளாக. பணம் முன்கூட்டியே வாங்கியது 30 நாளுக்கு, அந்த 30 நாளையும் கொடுக்கிறார்கள். 23 நாளும் ஆப்பைத் திறந்து வைத்துவிட்டு 229 ரூபாயையும் திருப்பிக் கொடுத்தால், ஒரே சரக்குக்கு இரண்டு தடவை கணக்குத் தீர்த்த மாதிரி ஆகிவிடும். இரண்டில் ஒன்றுதான். பெரும்பாலான கம்பெனிகள் நாளைக் கொடுக்கிறோம் என்று முன்னாலேயே விதிமுறையில் எழுதிவிடுகின்றன, நாமும் படிக்காமல் "சம்மதம்" அழுத்திவிடுகிறோம். ஏதோ காரணத்துக்காக அவர்களே பணத்தைத் திருப்பிக் கொடுத்தால், அநேகமாக அன்றைக்கே ஆப்பை மூடிவிடுவார்கள். அதுவும் இதே கணக்குதான்.

நாளுக்கு இவ்வளவு என்று பிரித்து ஏன் கொடுக்கமாட்டேன் என்கிறார்கள் என்றால், கஸ்டமர் கேரில் இருந்தபோது நானே பார்த்த காரணம் ஒன்று இருக்கிறது. ஒரு புது சீரியல் வந்தால் வெள்ளிக்கிழமை ராத்திரி சேருவார்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லா எபிசோடும் முடித்துவிட்டு, திங்கட்கிழமை காலை "மீதி 27 நாள் பணம் கொடு" என்று எழுதுவார்கள். மாதச் சந்தாவை நாள் வாடகையாக மாற்றினால் அந்த விலைக்கு அவர்களால் கொடுக்க முடியாது. அவர்கள் பக்கம் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள், அந்த விதிமுறையைத் தேடினால்கூடக் கண்ணில் படாத இடத்தில் வைக்கிறார்களே, அது எனக்கும் பிடிக்காது.

அந்த அக்காவுக்கு அப்புறம் டிசம்பரிலும் பணம் போனதாகச் சொன்னார்களே? கேன்சல் செய்தவருக்கு எப்படி?

இதைத்தான் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். நவம்பர் 20 வாக்கில் பையன் அதே ஆப்பில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அக்காவுக்குப் பயம், "கேன்சல் ஆகலை போல" என்று. மறுபடியும் அதே பக்கத்துக்குப் போயிருக்கிறார். முன்னால் Cancel subscription என்று இருந்த இடத்தில் இப்போது Resubscribe என்று ஒரு பட்டன். பார்ப்பதற்கு ஒரே மாதிரி, எழுத்தும் பாதி ஒரே எழுத்து. அதை அழுத்தினார். யுபிஐ பின் நம்பர் கேட்டது. கேன்சலை உறுதி செய்யத்தான் கேட்கிறது என்று நினைத்துப் பின்னையும் போட்டுவிட்டார். அந்த நிமிடம் சந்தா மறுபடி உயிர் பெற்றுவிட்டது, டிசம்பர் 2 அன்று இன்னொரு 299 போனது.

நடுவில் "நாளை 299 ரூபாய் எடுக்கப்படும்" என்று எஸ்எம்எஸ்கூட வந்திருக்கிறது. லோன் விளம்பரம், ரம்மி விளம்பரம் எல்லாவற்றுக்கும் நடுவில் அது புதைந்து கிடந்தது, நான்தான் தேடி எடுத்துக் காட்டினேன்.

ஆப் ஓடுகிறது என்பதை வைத்துக் கேன்சல் ஆகவில்லை என்று முடிவு கட்டினால் இப்படித்தான் ஆகும். மறுபடி பட்டனை அழுத்தும் முன்னால், கீழே சொல்கிற தேதியைப் பாருங்கள்.

கேன்சல் உண்மையாகவே ஆனதா என்று எப்படிப் பார்ப்பது?

எங்கே சந்தா சேர்ந்தீர்களோ அங்கேயே போய்ப் பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோர் வழியாகச் சேர்ந்திருந்தால், பிளே ஸ்டோரைத் திறந்து மேலே உங்கள் படத்தைத் தொட்டு, Payments & subscriptions, அதற்குள் Subscriptions. ஐபோன் என்றால் Settings போய், மேலே உங்கள் பெயரைத் தொட்டால் Subscriptions வரும். ஆப்பின் சொந்த வெப்சைட்டில் கார்டு போட்டுச் சேர்ந்திருந்தால் இந்த இரண்டு இடத்திலும் அது தெரியாது, அந்த வெப்சைட்டில்தான் லாகின் செய்ய வேண்டும். "பிளே ஸ்டோரில் ஒண்ணுமே காட்டலை, அப்போ கேன்சல்தான்" என்று நினைத்துக்கொண்டு நாலு மாதம் பணம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பக்கத்தில் ஒரு தேதி இருக்கும். தேதிக்கு முன்னால் என்ன வார்த்தை என்று பாருங்கள். Renews என்று இருந்தால் சந்தா ஓடிக்கொண்டிருக்கிறது, அந்த நாளில் பணம் எடுப்பார்கள். Expires என்றோ, கேன்சல் ஆகிவிட்டது, இந்தத் தேதி வரை பயன்படுத்தலாம் என்றோ இருந்தால் முடிந்தது, அன்றைக்கு ஆப்தான் நிற்கும், பணம் போகாது. தேதி இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும், அதனால் தேதியை மட்டும் பார்த்துவிட்டு வரவேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கேன்சல் ஆனதற்கு மெயிலும் வரும், அதை அழிக்காதீர்கள், பின்னால் சண்டை வந்தால் அதில் இருக்கும் நேரம்தான் பேசும்.

ஒரு விஷயம். கேன்சல் அழுத்தியதும் "ஏன் போகிறீர்கள்?" என்று கேட்டு, அப்புறம் பாதி விலைக்குத் தருகிறோம் என்று ஒரு பக்கம், அப்புறம் ஒரு மாதம் நிறுத்தி வைக்கிறீர்களா என்று இன்னொரு பக்கம் காட்டுவார்கள். நடுவில் வெளியே வந்துவிட்டால் கேன்சல் ஆகாது. கடைசிப் பக்கம் வரை போய் அந்த வார்த்தை மாறியதைப் பார்த்தால்தான் கணக்கு.

ஆப்பையே போனிலிருந்து தூக்கிவிட்டேன். அது போதாதா?

போதாது. சந்தா போனில் இல்லை, உங்கள் கணக்கில் இருக்கிறது. போனை பேசின் பிரிட்ஜ் கால்வாயில் தூக்கிப் போட்டாலும் பணம் போய்க்கொண்டேதான் இருக்கும்.

யுபிஐ ஆப்பில் போய் ஆட்டோபேயை நிறுத்திவிட்டேன். அதுவும் கேன்சல்தானே?

பணம் போகாது, அதுவரை நல்லது. ஆனால் இதில் நீங்கள் பூட்டியது உங்கள் பணப்பெட்டியை, அவர்களிடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர்கள் கணக்கில் உங்கள் சந்தா இன்னும் Renews என்றே இருக்கலாம். அடுத்த தேதியில் பணம் எடுக்கப் பார்ப்பார்கள், வராது, "பேமெண்ட் தோல்வி, வேறு வழியில் கட்டுங்கள்" என்று மெயில் மேல் மெயில் வரும். அந்த மெயிலில் இருக்கும் பட்டனை அழுத்தி யாராவது புதுக் கார்டு போட்டுவிட்டால் பழைய சந்தாவே தொடரும். அதனால் முதலில் சேர்ந்த இடத்தில் கேன்சல், அப்புறம் வேண்டுமானால் ஆட்டோபேயை நீக்குங்கள். கேன்சல் பக்கமே கிடைக்கவில்லை, கஸ்டமர் கேரும் எடுக்கவில்லை என்றால் மட்டும் ஆட்டோபேயை முதலில் நிறுத்துங்கள், அப்போது அது சரியான வழி.

ஆட்டோபேயை நிறுத்தினாலும் ஏற்கெனவே போன பணம் திரும்பி வராது. அது போனது நீங்கள் அனுமதி கொடுத்திருந்த நாளில்.

சாப்பாடு ஆர்டர் கேன்சல் செய்தால் பணம் வருகிறது. யுபிஐயில் பணம் மாட்டிக்கொண்டாலும் தானாக வருகிறது. இது மட்டும் ஏன் வரமாட்டேன் என்கிறது?

நல்ல கேள்வி, எதிர்பார்ப்பே இங்கிருந்துதான் வருகிறது.

பிரியாணி ஆர்டரை கேன்சல் செய்தால் பணம் வருவது, பிரியாணி உங்கள் வீட்டுக்கு வரவில்லை என்பதால். சந்தாவில் பணம் கட்டிய நொடியே சரக்கு உங்கள் கைக்கு வந்துவிடுகிறது, ஒரு மாதத்துக்கான சாவி.

யுபிஐயில் தானாகத் திரும்புவது வேறு கதை. உங்கள் கணக்கில் கழிந்து, கடைக்காரருக்குப் போய்ச் சேராமல் நடுவில் நின்ற பணம் அது. கடைக்குக் கட்டிய பணம் அப்படி மாட்டினால் ஐந்து நாளுக்குள் திருப்ப வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 சுற்றறிக்கையிலேயே சொல்லியிருக்கிறது. உங்கள் சந்தா பணமோ சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. வங்கிக்கு அதில் தப்பே தெரியாது. அதனால் வங்கியில் போய் "கேன்சல் செய்தேன், பணம் வரலை" என்று புகார் கொடுத்தால் அவர்கள் கையை விரித்துவிடுவார்கள்.

எந்த நாளில் கேன்சல் செய்வது லாபம்? கடைசி நாள் வரை வைத்திருக்கலாமா?

எந்த நாளில் செய்தாலும் மீதி நாள் உங்களுடையதுதான் என்பதால், காத்திருப்பதில் ஒரு பைசா லாபமில்லை. நான் சேர்ந்த அன்றைக்கே கேன்சல் செய்துவிடுவேன். வேண்டுமென்றால் மறுபடி சேர்ந்துகொள்ளலாம்.

கடைசி நாளில்தான் ஆபத்து. கார்டு, யுபிஐ ஆட்டோபே இரண்டிலும் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னால் உங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. அந்த எஸ்எம்எஸ் வந்த அன்றைக்கே கேன்சல் செய்தால் பொதுவாகத் தப்பித்துவிடலாம், ஆனால் பணம் எடுக்கும் வேலை அவர்கள் பக்கம் ஏற்கெனவே கிளம்பியிருந்தால் கேன்சலும் ஆகும், பணமும் போகும். அப்புறம் நேரம் ஒரு சிக்கல்: சில ஆப்கள் நம் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, உலகப் பொது நேரத்தில் கணக்குப் போடுகின்றன, அவர்களுக்கு நள்ளிரவு என்பது நமக்கு விடியற்காலை 5.30. அதனால்தான் "இன்னைக்கு முடிஞ்சிருக்கணும், காலையில் வரைக்கும் ஓடிச்சு" என்று சிலர் சொல்கிறார்கள். இரண்டு நாள் முன்னாலேயே முடித்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

இலவச ட்ரையலிலும் பெரும்பாலும் இதே கதைதான், கேன்சல் செய்தாலும் ட்ரையல் முடியும் வரை ஓடும். ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. சில ட்ரையல்கள் கேன்சல் அழுத்தியதுமே மூடிக்கொள்ளும், அதை அந்தப் பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். ஐபோனில் ட்ரையல் முடிய ஒரு நாளாவது இருக்கும்போதே கேன்சல் செய்யுங்கள் என்று ஆப்பிளே சொல்கிறது.

ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டிவிட்டேன். மூன்றாவது மாதம் வேண்டாம் என்றால்?

அதே விதிதான், வலிதான் அதிகம். மார்ச் மாதம் கட்டியிருந்தால் அடுத்த மார்ச் வரை ஓடும். வருடத் திட்டம் மலிவாக இருப்பதே நீங்கள் நடுவில் போகமாட்டீர்கள் என்பதற்காகத்தான். இதில் இன்னொரு ரகம் இருக்கிறது, ஒரு வருட ஒப்பந்தம் ஆனால் மாதாமாதம் பணம். அது மாதச் சந்தா மாதிரியே தெரியும். நடுவில் கேன்சல் செய்தால் மீதி மாதங்களுக்கு ஒரு தொகை கேட்பார்கள். சேரும்போது விலைக்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள், படிக்கத் தெரியாதவர்கள் யாரிடமாவது காட்டுங்கள்.

அப்போ எதற்குமே பணம் திரும்பக் கிடைக்காதா?

கிடைக்கும், ஆனால் கேன்சல் பட்டன் வழியாகக் கிடைக்காது. பணத்தைத் திருப்பிக் கேட்பது தனிக் கதவு, தனியாகத் தட்ட வேண்டும்.

கேன்சல் மெயிலில் இருக்கும் நேரத்துக்கு அப்புறம் பணம் எடுத்திருந்தால் கேளுங்கள், நிச்சயம் கேளுங்கள். ஒரே மாதத்துக்கு இரண்டு தடவை போயிருந்தால் கேளுங்கள் (வீட்டில் இன்னொருவர் இன்னொரு மெயில் ஐடியில் சேர்ந்திருக்கிறாரா என்று முதலில் பார்த்துவிட்டு). சொன்ன சேவை வேலையே செய்யவில்லை, குழந்தை தெரியாமல் அழுத்திவிட்டது, இதெல்லாமும் கேட்க வேண்டியவைதான். சீக்கிரம் கேட்க வேண்டும். பிளே ஸ்டோரில் வாங்கி 48 மணி நேரத்துக்குள் என்றால் கூகுளிடமே கேட்கலாம், அதற்கு மேல் ஆனால் ஆப் கம்பெனியிடம் போகச் சொல்வார்கள். ஐபோனில் reportaproblem.apple.com. கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் முடிவு.

டி.எச். ரோட்டு அக்காவுக்கு டிசம்பர் 2 மாலையே எழுதிப் போட்டோம். "தவறுதலாக மறுபடி சேர்ந்துவிட்டேன், டிசம்பரில் ஒரு தடவைகூடத் திறக்கவில்லை" என்று, இரண்டே வரி. 299-ம் வந்தது. நவம்பரின் 229-ஐ நாங்கள் கேட்கவே இல்லை, அது பையன் பார்த்துத் தீர்த்த பணம்.

கேன்சல் செய்யவே விடாமல் சுற்ற விடுகிறார்கள் என்றால் அது வேறு விஷயம். சந்தாவில் சிக்க வைத்து வெளியேற விடாமல் செய்வதை ஏமாற்று வடிவங்களில் ஒன்றாக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 வழிகாட்டுதலில் பட்டியல் போட்டிருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். "மீதி நாளுக்குப் பணம் தரவில்லை" என்று மட்டும் அங்கே போனால் எடுபடாது. வெளிநாட்டு வீடியோவில் 14 நாளுக்குள் திருப்பிக் கேட்கலாம் என்று சொல்கிறார்களே என்று சில பையன்கள் வருவார்கள், அது ஐரோப்பியச் சட்டம், தண்டையார்பேட்டைக்கு வராது.

ரீஃபண்ட் போட்டாச்சு என்று மெயில் வந்துவிட்டது. அக்கவுண்டில் காணோமே?

எந்த வழியில் கட்டினீர்களோ அந்த வழியில்தான் திரும்பும். கார்டு என்றால் ஒரு வாரம்கூட ஆகலாம், அதுவும் வேலை நாள் கணக்கு. பாஸ்புக்கில் 299 என்று தனி வரியைத் தேடுவார்கள், ஆனால் சில சமயம் வரியே வராது: பணம் எடுப்பது முழுதாக முடிவதற்கு முன்னாலேயே அதை ரத்து செய்துவிட்டால், பணம் கழிந்ததாகக் காட்டிய பழைய வரியே காணாமல் போகும், அதுதான் ரீஃபண்ட். மீதித் தொகையைக் கூட்டிப் பார்த்தால் சரியாக இருக்கும்.

கிரெடிட் கார்டில் பில் வந்த பிறகு ரீஃபண்ட் வந்தால் அது அடுத்த பில்லில்தான் குறையும். "எப்படியும் வருதே" என்று இந்த மாத பில்லைக் குறைத்துக் கட்டாதீர்கள், வட்டி போட்டுவிடுவான்.

வாரம் தாண்டியும் வரவில்லை என்றால் ஆப் கம்பெனியிடம் ரெஃபரன்ஸ் நம்பர் கேளுங்கள். யுபிஐ என்றால் 12 இலக்க நம்பர், கார்டு என்றால் ஏஆர்என் என்று ஒன்று இருக்கும். அந்த நம்பரோடு போனால் வங்கியில் தேடிப் பார்ப்பார்கள், நம்பர் இல்லாமல் போனால் வரிசையில் நின்றதுதான் மிச்சம். நம்பர் கொடுக்க மழுப்புகிறார்கள் என்றால் ரீஃபண்ட் இன்னும் போடவே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம், எங்கள் ஆபீஸிலும் அப்படித்தான் மழுப்புவோம்.